பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டால் மூக்கு ஒழுகுது, செட்ரிசின் போட்டும் கேட்கவில்லை. ஏன்?

சென்னிமலை தறிக்காரன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. வயசு ஐம்பத்தெட்டு. தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசியிலேயே காலம் போனவன். ஆனால் தூசிக்குத் தும்மல், ஆஸ்துமா, சளித் தொல்லை எதுவும் எனக்கு வந்ததில்லை.

பிரச்சினை சாப்பாட்டில்தான். பள்ளிபாளையம் சிக்கனோ, நாட்டுக்கோழிக் குழம்போ, சுடச்சுடச் செலவு ரசமோ எதுவானாலும் சரி, நாலு வாய் உள்ளே போவதற்குள் இரண்டு மூக்கிலும் தண்ணீர் மாதிரி ஒழுக ஆரம்பித்துவிடுகிறது. நெற்றி, மூக்கு நுனி, மேல் உதடு, முடி கொட்டிய உச்சி எல்லாம் வேர்வை. கழுத்துக்குக் கீழே சட்டை காய்ந்துதான் இருக்கும். சில நாள் தும்மலும் சேர்ந்துகொள்ளும். இளவயதில் இவ்வளவு இல்லை. கெடா விருந்துக்குப் போனால் இலையைப் பார்ப்பதா, கைக்குட்டையைப் பார்ப்பதா என்று ஆகிவிட்டது. ஒறம்பரைக்காரர்கள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மெடிக்கலில் சொல்லி செட்ரிசின் வாங்கி, விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டுப் பார்த்தேன். தூக்கம் வந்தது, மூக்கு நிற்கவில்லை. இது காரத்துக்கு அலர்ஜியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

மஞ்சமண்டி ஈரோடு

தம்பி, சந்தேகமே வேண்டாம், அலர்ஜிதான். எனக்கும் அறுபது தாண்டின பிறகு இதே கதை. செட்ரிசினை விட்டுவிடுங்க. பழைய சிபிஎம் மாத்திரை ஒன்றைப் போட்டுவிட்டு உட்காருங்க, மூக்கு கப்சிப்னு காய்ந்துவிடும். அலர்ஜி மாத்திரைக்குக் கட்டுப்படுகிறது என்றால் அலர்ஜி இல்லாமல் வேறென்ன?

பொள்ளாச்சி இளநி

மூக்கு ஒழுகாவிட்டால் அது பள்ளிபாளையம் சிக்கனே இல்லீங்க, கடையை மாத்துங்க.

உடுமலை வாத்தியார்

விலங்கியல் எடுக்கிறவன் என்பதால் நானும் கொஞ்சம் சொல்கிறேன். இது அலர்ஜி இல்லை, நரம்பு வேலை.

மிளகாயில் இருக்கிற கேப்சைசின் நாக்கின் சுவை மொட்டுகளைத் தொடுவதே இல்லை. வாயிலும் உதட்டிலும் மூக்கிலும் பரவியிருக்கிற வலி நரம்புகளின் நுனியில் டிஆர்பிவி1 என்று ஒரு புரத வாசல் இருக்கிறது. அதைத்தான் கேப்சைசின் திறக்கிறது. அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழு 1997இல் அதைக் கண்டுபிடித்தது, 2021இல் அவருக்கு நோபல் கிடைத்தது. இதில் சுவாரசியம் என்னவென்றால், அதே வாசல் சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் தானாகத் திறக்கும். ஒரே அழைப்பு மணிக்கு இரண்டு பொத்தான் வைத்த மாதிரி. உள்ளே இருக்கிற மூளைக்கு மணிச்சத்தம் கேட்கும், அழுத்தியது கொதிக்கிற ரசமா ஆறிப்போன மிளகாயா என்று தெரியாது. மிளகின் பைப்பரினும் அதே பொத்தானைத்தான் அழுத்துகிறது, கேப்சைசின் அளவுக்கு வேகமில்லை.

வாய் சுடுகிறது என்று சேதி போனதும் உடம்பைக் குளிர்விக்க மூளை வேர்வையைத் திறந்துவிடுகிறது. வெயில் நாட்டுக்காரர்கள் காரம் சாப்பிடுவதே வேர்த்துக் குளிரத்தான் என்று ஒரு கருத்தும் உண்டு.

நொய்யல்கரை

திருப்பூர்ப் பக்கம் காது மூக்கு தொண்டை பார்க்கிற டாக்டர் நான். வாத்தியார் சொன்ன முதல் பாதி சரி. கடைசி வரியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, அதை அப்புறம் பார்ப்போம்.

தறிக்காரரே, முதலில் சில கேள்வி. தண்ணீர் இரண்டு பக்கமும் வருகிறதா, ஒரு பக்கம் மட்டுமா? சாப்பிட்டு முடித்த பிறகு எவ்வளவு நேரம் இருக்கும்? கண், மூக்கு, அண்ணம் அரிக்குமா? மூக்கு அடைக்குமா? உதடு, கண் இமை வீங்கியதுண்டா, உடம்பில் தடிப்பு, வாந்தி, தொண்டை இறுக்கம் வந்ததுண்டா? தலையில் அடிபட்டதுண்டா? குனிந்தால் தானாகச் சொட்டுமா?

சென்னிமலை தறிக்காரன்

இரண்டு பக்கமும்தானுங்க. கை கழுவிக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அரிப்பு, அடைப்பு இல்லை. வீக்கம், தடிப்பு எதுவும் வந்ததில்லை. தலையில் அடியும் இல்லை. குனிந்தால் ஒன்றும் சொட்டாது. அன்னிக்கு வேலைக்கு நடுவில் வெறும் கஞ்சி சூடாகக் குடித்தபோதுகூட லேசாக ஒழுகியது, அதில் காரமே கிடையாது.

நொய்யல்கரை

அப்படியானால் இது அலர்ஜி இல்லை. சாப்பாட்டோடு ஆரம்பித்து சாப்பாட்டோடு முடிகிற, இரண்டு பக்கமும் வருகிற, அரிப்பில்லாத தெளிந்த தண்ணீர். இது வயதாக ஆக அதிகமாகிற ஒன்று, என்னிடம் வருகிறவர்களும் பெரும்பாலும் ஐம்பது தாண்டியவர்கள்தான்.

நடப்பது இதுதான். வாயிலிருந்து சேதியைக் கொண்டுபோவது முகத்தின் உணர்ச்சி நரம்பு. அது மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொரு நரம்பு வழியாகத் திரும்பி மூக்குச் சவ்வில் இருக்கிற சுரப்பிகளுக்கு வருகிறது. கடைசி முனையில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் கொட்டுகிறது, சுரப்பி தண்ணீரை விடுகிறது. அதே பாதையில் ஒரு கிளை கண்ணீர்ச் சுரப்பிக்கும் போகிறது. அதனால்தான் காரத்துக்குக் கண்ணும் கலங்குகிறது. அந்தக் கண்ணீரிலும் ஒரு பங்கு கண்ணின் உள்மூலையில் இருக்கிற குழாய் வழியாக மூக்குக்குள்தான் இறங்கும். நீங்கள் கைக்குட்டையில் துடைப்பதில் கொஞ்சம் கண்ணீரும் இருக்கிறது.

செட்ரிசின் தடுப்பது ஹிஸ்டமினை. இந்தப் பாதையில் ஹிஸ்டமினுக்கு இடமே இல்லை. பிறகு மாத்திரை எதைத் தடுக்கும்? 1989இல் அமெரிக்காவில் இப்படி மூக்கு ஒழுகுகிறவர்களுக்கு மூக்கில் அட்ரோபின் போட்டுவிட்டுக் காரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒழுகுவது நின்றது. அட்ரோபின் தடுப்பது அசிட்டைல்கோலினை.

மஞ்சமண்டி ஈரோடு

எல்லாம் சரிங்க டாக்டரம்மா. எனக்கு சிபிஎம் போட்டால் நிற்கிறதே, அது பொய்யா? நான் அனுபவத்தில் பேசுகிறேன்.

நொய்யல்கரை

அனுபவம் பொய்யில்லீங்க. சிபிஎம் பழைய தலைமுறை மாத்திரை. அது ஹிஸ்டமினைத் தடுப்பதோடு அசிட்டைல்கோலினையும் கொஞ்சம் தடுக்கும். போட்டால் வாய் காய்வதும் அதனால்தான். உங்களுக்கு மூக்கை நிறுத்துவது அந்தப் பக்க வேலை. செட்ரிசினுக்கு அந்தப் பக்க வேலை மிகக் குறைவு, அதனால் அது கேட்கவில்லை. இரண்டுமே அலர்ஜி மாத்திரை என்று ஒரே தட்டில் விற்கப்படுவதால் வந்த குழப்பம் இது.

ஆனால் ஒரு வேண்டுகோள். அறுபது தாண்டியவர் விருந்துக்கு விருந்து சிபிஎம் போடாதீங்க. தூக்கத்தோடு பைக் ஓட்டுவது ஒரு பக்கம். பிராஸ்டேட் பெருத்திருந்தால் ராத்திரி சிறுநீர் அடைத்துக்கொண்டு டியூப் போட வேண்டியதாகிவிடும். கண் அழுத்தம் இருந்தால் அதுவும் ஏறலாம்.

மஞ்சமண்டி ஈரோடு

பிராஸ்டேட்டுக்கு ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறேன். அதை யாரும் கேட்கவில்லையே. ஆனாலும் எனக்குக் கொஞ்சம் அலர்ஜியும் இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. மூட்டை பிரித்தால் தும்முவேன்.

நொய்யல்கரை

இருக்கலாம். இரண்டும் சேர்ந்து இருக்கிறவர்கள் நிறைய. மஞ்சள் தூசிக்குத் தும்முவது வேறு கணக்கு, சாப்பாட்டுக்கு ஒழுகுவது வேறு கணக்கு. முதலாவதற்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே வேலை செய்யும், இரண்டாவதற்கு அது பெரிதாக உதவாது.

கரூர் பஸ்பாடி

எனக்கும் இதே பிரச்சினைங்க. வயிறு முட்டச் சாப்பிட்டால் வரிசையாகத் தும்மல். தயிர்ச்சோறு சாப்பிட்டாலும் வரும், ஒப்புட்டு சாப்பிட்டாலும் வரும். எங்க அப்பாருக்கும் இதேதான். அவர் தும்ம ஆரம்பித்தால் சாப்பாடு முடிந்தது என்று ஆத்தா இலையை எடுத்துவிடும். காரத்தைக் குறைத்தால் சரியாகுமா?

உடுமலை வாத்தியார்

தம்பி, நீங்கள் சொல்வது வேறு. தயிர்ச்சோற்றில் கேப்சைசின் எங்கே இருக்கிறது?

நொய்யல்கரை

ஆமாம், அது வேறு. வயிறு நிறைந்தால் தும்மல் வருகிற பழக்கம் சில குடும்பங்களில் அப்பா, பிள்ளை, பேரன் என்று வரும் என்று மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. வயிறு விரிவதற்கும் தும்மலுக்கும் நடுவில் எந்த நரம்பு வேலை செய்கிறது என்று இதுவரை யாரும் உறுதியாகக் காட்டவில்லை. கெடுதல் இல்லை. காரத்தைக் குறைத்துப் பயனில்லை, கடைசிக் கரண்டியைக் குறைத்துப் பாருங்கள்.

தறிக்காரரே, உங்கள் தும்மலைப் பற்றி எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. வாயிலிருந்து கிளம்புகிற இந்த ஒழுகலில் பொதுவாகத் தும்மல் வராது. தும்மலுக்கு மூக்குக்குள்ளேயே ஏதாவது சீண்ட வேண்டும். வீட்டில் ஒரு சோதனை செய்ய முடியுமா? ஒரே செலவு ரசத்தை ஒரு நாள் கொதிக்கக் கொதிக்க டம்ளரில் குடியுங்கள். இன்னொரு நாள் அதையே நன்றாக ஆறவிட்டுக் குடியுங்கள். வேறொரு நாள் சூடாகவே சோற்றில் பிசைந்து, முகத்தைத் தட்டுக்கு மேலே கொண்டுபோகாமல் சாப்பிடுங்கள். ஒழுகல், தும்மல், வேர்வை மூன்றையும் தனித்தனியாகக் கவனித்துச் சொல்லுங்கள். ரசத்தில் போடுகிற மிளகும் வரமிளகாயும் எல்லா நாளும் ஒரே அளவு இருக்கட்டும்.

பொள்ளாச்சி இளநி

வீட்டம்மா கேட்டால் டாக்டர் சீட்டு என்று காட்டுங்க.

தாராபுரத்தான்

இடையில் என் கேள்வியையும் கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் போன வருடம் வலது காதுக்கு முன்னால் கட்டி என்று உமிழ்நீர்ச் சுரப்பியில் அறுவை நடந்தது. நல்ல கட்டிதான், பயமில்லை என்றார்கள். இப்போது கொஞ்ச மாதமாகச் சாப்பிட உட்கார்ந்தால் வலது கன்னத்தில், காதுக்கு முன்னால் மட்டும் வேர்க்கிறது. தோலும் சிவக்கிறது. காரமே வேண்டாம், எலுமிச்சை ஊறுகாயைப் பார்த்தாலே போதும். இதுவும் காரத்து வேர்வைதானா, இல்லை கட்டி திரும்ப வருகிறதா?

நொய்யல்கரை

கட்டி திரும்பியதற்கு இது அடையாளம் இல்லை, மனதை விடாதீர்கள். ஆனால் இந்த இழையில் பேசுகிற வேர்வையும் இல்லை.

அந்தச் சுரப்பிக்கு எச்சில் ஊறச் சொல்லி வருகிற மெல்லிய நரம்பு இழைகள் அறுவையின்போது அறுபடுகின்றன. மாதக்கணக்கில் அவை திரும்ப வளரும். சுரப்பி அந்த இடத்தில் இல்லாததால் தோலில் இருக்கிற வேர்வைச் சுரப்பிகளைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். எச்சில் ஊற வேண்டிய நேரத்தில் கன்னம் வேர்க்கும். அதனால்தான் காரம் தேவையில்லை, புளிப்பு போதும். போலந்து நாட்டுப் பெண் டாக்டர் லூசியா ஃப்ரே 1923இல் இதை விவரமாக எழுதினார், அவர் பெயரில்தான் இன்றும் சொல்கிறோம்.

உறுதிப்படுத்த எளிய வழி உண்டு. கன்னத்தில் அயோடின் தடவிக் காயவிட்டு, மேலே ஸ்டார்ச் மாவு தூவி, எலுமிச்சை சப்பச் சொல்வோம். வேர்த்த இடம் மட்டும் கருநீலமாகும். தொல்லை குறைவு என்றால் வேர்வையைக் குறைக்கும் அலுமினியம் குளோரைடு பூச்சு போதும். அதிகம் என்றால் அந்த இடத்தில் போடுலினம் ஊசி போடலாம், மாதக்கணக்கில் நிற்கும், பிறகு திரும்பப் போட வேண்டும். அறுவை செய்தவரிடமே போய் இதைச் சொல்லுங்கள், கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடட்டும்.

தாராபுரத்தான்

ரொம்ப நன்றிங்க. தூக்கம் போய் உட்கார்ந்திருந்தேன்.

சென்னிமலை தறிக்காரன்

சோதனை முடிந்ததுங்க. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனாலும் ஒழுங்காகவே செய்தேன்.

கொதிக்கக் கொதிக்க டம்ளரில் குடித்தபோது மூன்றும் வந்தது. மூக்கு நன்றாக ஒழுகியது, உச்சி வேர்த்தது, இரண்டாவது வாயிலேயே தும்மல். ஆறவிட்டுக் குடித்தபோது மூக்கு ஒழுகியது, ஆனால் பாதிதான் இருக்கும். வேர்வை லேசாக. தும்மல் இல்லை. சூடாகச் சோற்றில் பிசைந்து தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டபோது ஒழுகலும் வேர்வையும் முதல் நாள் மாதிரியே, தும்மல் மட்டும் வரவில்லை. இன்னொன்றும் பார்த்தேன். வீட்டில் வரமிளகாய் தாளிக்கும்போது அடுப்படிக்குள் நின்றால் வாயில் ஒன்றும் போடாமலே தும்மல் வருகிறது.

நொய்யல்கரை

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். உங்கள் தும்மல் வாயிலிருந்து வரவில்லை, ஆவியிலிருந்து வருகிறது. டம்ளரை மூக்குக்குக் கீழே பிடித்துக் குடிக்கும்போது ஆவியோடு மிளகு, மிளகாயின் காரம் நேராக மூக்குக்குள் போகிறது. மூக்குச் சவ்வின் நரம்பு நுனிகளிலும் அதே வாசல் இருக்கிறதே. அங்கே சீண்டினால் தும்மல். தாளிக்கும்போது வருவதும் அதுதான், எண்ணெய்ப் புகையில் பொடிந்து மிதக்கிற காரம். குடிக்கும்போது இருமல் வந்தாலோ சிரித்தாலோ காரம் அண்ணத்துக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போவதும் உண்டு, அப்போதும் தும்மல் வரும்.

ஒழுகல் பாதியானதும் கணக்குக்குப் பொருந்துகிறது. ஆறிய ரசத்தில் காரம் மட்டும், வெறும் கஞ்சியில் சூடு மட்டும், சூடான ரசத்தில் இரண்டும்.

உடுமலை வாத்தியார்

இரண்டும் வெறுமனே கூடவில்லை டாக்டர், ஒன்று இன்னொன்றை ஏற்றிவிடுகிறது. கேப்சைசின் பட்ட பிறகு அந்த வாசல் திறக்கிற சூடு 43இலிருந்து கீழே இறங்கிவிடும். வாய்க்குள் இருக்கிற வழக்கமான 37 டிகிரியே சுடுகிற மாதிரி இருப்பதும், காரம் தின்றுவிட்டு வெதுவெதுப்பான காப்பி குடித்தால் அலறுவதும் அதனால்தான். ரசத்தைக் கொஞ்சம் ஆறவிட்டாலே தறிக்காரருக்குப் பெரிய வித்தியாசம் தெரிய வேண்டும்.

பொள்ளாச்சி இளநி

அப்போ பச்சைத் தண்ணி குடிச்சா?

உடுமலை வாத்தியார்

குளிர்ச்சி அந்த நிமிடத்துக்கு உதவும். ஆனால் கேப்சைசின் தண்ணீரில் கரையாது. மோரோ தயிரோ நல்லது, பாலில் இருக்கிற கேசின் புரதம் அதை நரம்பிலிருந்து பிரித்து எடுத்துப்போகும். இளநியும் தண்ணீர்தான் தம்பி, உங்கள் வியாபாரம் இதில் ஓடாது.

கோபி அம்மிணி

பள்ளிபாளையம் சிக்கனுக்கு வரமிளகாயைக் கிள்ளி விதையைத் தட்டிவிட்டுத்தான் போடுவோம். விதை போனால் காரம் போய்விடும் என்று எங்க அமத்தா சொல்லும். அப்புறமும் ஏன் மூக்கு ஒழுகுது?

உடுமலை வாத்தியார்

காரம் விதையில் இல்லை அம்மிணி. விதை ஒட்டியிருக்கிற உள்நரம்பு, வெளிர் நிறத்தில் இருக்குமே, அதில்தான் கேப்சைசின் ஊறுகிறது. விதைக்கு அங்கிருந்து ஒட்டினதுதான். விதையைத் தட்டும்போது உள்நரம்பும் சேர்ந்து வந்தால் காரம் குறையும், தோலிலேயே ஒட்டிக்கொண்டால் குறையாது. விருந்துக்கு அவசரமாகக் கிள்ளும்போது யார் அதைச் சுரண்டுகிறார்கள்?

சென்னிமலை தறிக்காரன்

சரி, காரணம் புரிந்தது. காரத்தை விடாமல் ஏதாவது வழி உண்டா? தினமும் காரம் சாப்பிட்டால் பழகிவிடும் என்கிறார்களே?

உடுமலை வாத்தியார்

நரம்பு நுனி திரும்பத் திரும்பக் கேப்சைசின் பட்டால் மரத்துப்போகும், அது நிச்சயம். மூக்குக்குள் கேப்சைசின் மருந்து போட்டு நாள்பட்ட ஒழுகலைக் குறைக்கிற சிகிச்சையே உண்டு. நாக்குக்கும் அதே நியாயம்தானே?

நொய்யல்கரை

நாக்கின் எரிச்சல் பழகும், ஒத்துக்கொள்கிறேன். மூக்கு பழகுகிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். என்னிடம் வருகிறவர்கள் பிறந்ததிலிருந்து மிளகாய் தின்றவர்கள்தான், அறுபதில் வந்து மூக்கு ஒழுகுகிறது என்கிறார்கள். பழகுவதாக இருந்தால் கொங்கு நாட்டில் எனக்கு இந்த நோயாளிகளே வரக்கூடாது. வேர்வையிலும் அப்படித்தான். உடம்பைக் குளிர்விக்கத்தான் என்றால் முதுகும் மார்பும் ஏன் காய்ந்து கிடக்கிறது? நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஏன் வருகிறது? உடம்புச் சூட்டுக்காக வருகிற வேர்வை என்பதைவிட, வாய் நரம்பு நேராகத் தூண்டுகிற அனிச்சை என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

உடுமலை வாத்தியார்

முகத்தில்தானே மூளைக்குப் பக்கத்தில் ரத்தம் ஓடுகிறது, அதைக் குளிர்வித்தால் லாபம் இல்லையா? நான் என் கட்சியை விடவில்லை.

நொய்யல்கரை

சரி, இருக்கட்டும்.

தறிக்காரருக்கு வழி சொல்கிறேன். ரசத்தையும் குழம்பையும் ஆவி அடங்கவிட்டுச் சாப்பிட்டால் தும்மல் போய்விடும், ஒழுகலும் குறையும். அதுவே போதும் என்றால் மருந்தே வேண்டாம், ஏனென்றால் இது கெடுதல் செய்கிற நோயில்லை. விருந்து மாதிரி நாளைக்கு மட்டும் வேண்டுமென்றால் இப்ரட்ரோபியம் என்ற மூக்கு ஸ்ப்ரே இருக்கிறது. அட்ரோபின் வகைதான், ஆனால் மூக்கிலேயே தங்கும், ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு, தூக்கம் வராது. சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அடிக்க வேண்டும், ஒழுக ஆரம்பித்த பிறகு அடித்தால் மருந்தும் சேர்ந்து ஒழுகிவிடும். அளவு அதிகமானால் மூக்கு வறண்டு ரத்தம் வரும். பிராஸ்டேட், கண் அழுத்தம் இருக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் போட வேண்டும், மஞ்சமண்டி ஐயாவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மூக்கடைப்புக்கு விற்கிற சொட்டு மருந்தை இதற்குப் போடாதீர்கள், அது வேறு வேலை செய்கிறது, தொடர்ந்து போட்டால் மூக்கு திரும்பத் திரும்ப அடைத்துக்கொள்ளும்.

முன்பு நான் குனிந்தால் சொட்டுமா என்று கேட்டதற்கும் காரணம் உண்டு. சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாமல், ஒரே மூக்கில், குனிந்தால் பச்சைத் தண்ணீராகச் சொட்டினால் அது மூளையைச் சுற்றியிருக்கிற நீர் கசிவதாக இருக்கலாம். விபத்துக்குப் பிறகு இப்படி வந்தால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கோபி அம்மிணி

டாக்டரம்மா, இது எங்க மாமியாருக்காகக் கேட்கிறேன். ரொம்ப வருசமாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார்கள். கொஞ்ச நாளாகச் சாப்பிட உட்கார்ந்ததும் முகம், தலை, கழுத்து, நெஞ்சு வரை கொட்டுகிற வேர்வை, சேலைத் தலைப்பு நனைந்துவிடும். காரம்கூட வேண்டாம், இட்லிக்கே வருகிறது. சர்க்கரை இறங்கிவிட்டது என்று நாங்கள் பயந்து உடனே நாட்டுச்சர்க்கரை கரைத்துக் கொடுத்துவிடுகிறோம். இதுவும் நீங்கள் சொல்கிற காரத்து வேர்வையா?

நொய்யல்கரை

அம்மிணி, வேர்வை வருகிற அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்ததுண்டா? இல்லையென்றால் அடுத்த முறை நாட்டுச்சர்க்கரைக்கு முன்னால் விரலைக் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் சர்க்கரை கொடுங்கள். மயக்கம், பேச்சுக் குழறல் இருந்து மீட்டர் கையில் இல்லையென்றால் மட்டும் பார்க்காமல் கொடுக்கலாம், அதுவும் அவர்களால் விழுங்க முடிந்தால்தான். விழுங்க முடியவில்லையென்றால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். சர்க்கரை இறங்கி வருகிற வேர்வை பெரும்பாலும் சாப்பாட்டுக்கு முன்னால், நடுக்கம், படபடப்பு, பசியோடு வரும். நீங்கள் சொல்வது முதல் கவளத்தோடு ஆரம்பிக்கிற மாதிரி தெரிகிறது.

கோபி அம்மிணி

பார்த்தோமுங்க. இட்லி சாப்பிட ஆரம்பித்து வேர்த்துக் கொட்டும்போது 212. நடுக்கம் எதுவும் இல்லை.

நொய்யல்கரை

அப்படியானால் நாட்டுச்சர்க்கரையை இன்றோடு நிறுத்துங்கள், இவ்வளவு நாள் ஏறிக்கொண்டிருந்த சர்க்கரையை நீங்களே இன்னும் ஏற்றியிருக்கிறீர்கள். இது நாள்பட்ட சர்க்கரையில் தானியங்கி நரம்புகள் கெடுவதால் வருகிற வேர்வையாக இருக்க வாய்ப்பு அதிகம். இப்படி வேர்க்கிறவர்களுக்குச் சிறுநீரகமும் பாத நரம்பும் கெட்டிருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறோம். சர்க்கரை டாக்டரிடம் போகும்போது வேர்வை எப்போது வருகிறது, அப்போது மீட்டரில் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போங்கள். சிறுநீரில் புரதம், கிரியாட்டினின், பாத உணர்ச்சி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா என்பதையும் சொல்லுங்கள், படுத்தும் நின்றும் பிரஷர் பார்ப்பார்கள். வேர்வையைக் குறைக்க கிளைகோபைரோலேட் என்று மருந்து இருக்கிறது, ஆனால் அது இதற்கெல்லாம் பிறகு.

கோபி அம்மிணி

நிற்கும்போது மாமியாருக்குத் தலை சுற்றுகிறது என்று மாமா நேற்றுகூடச் சொன்னார்கள், வயசானதால் என்று விட்டுவிட்டோம். திங்கக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறோம்.

மஞ்சமண்டி ஈரோடு

அம்மிணி, பாதத்தையும் மறக்காமல் காட்டுங்க. டாக்டரம்மா, அந்த ஸ்ப்ரே பெயரை இன்னொரு தடவை எழுதுங்க, கண்ணாடி இல்லாமல் படித்தேன். பிராஸ்டேட் மாத்திரை எழுதுகிறவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

நொய்யல்கரை

இப்ரட்ரோபியம், மூக்கு ஸ்ப்ரே. ஆஸ்துமாவுக்கு இதே பெயரில் வாயில் இழுக்கிற மருந்தும் இருக்கிறது, கடையில் அதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்குங்க.